R² = 0.997 என்று ஸ்லைடில் போட்டால் நிலம் விலை ஏறுமா? ஒரு கோட்டைப் படிக்கக் கற்போம்

ரெக்ரஷன் கோடு பற்றி வீடியோவில் வேகமாகச் சொல்லிட்டுப் போன விஷயத்தை, இந்தப் பதிவில் பேப்பர் பேனாவோட நிதானமா பார்க்கலாம். பத்தாம் வகுப்போட கணக்கை விட்டவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதுறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிஞ்சா போதும்.

விஷயம் ஆரம்பிச்சது எங்க சித்தி பையனால. பி.ஏ. தமிழ் முடிச்சுட்டு நாகர்கோவில்ல ஒரு தனியார் ஆபீஸ்ல வேலை பார்க்கான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனை விற்கிறவங்க நடத்தின கூட்டத்துக்குப் போயிட்டு, நேரா என் வீட்டுக்கு வந்தான். கையில செல்போன், அதில் ஒரு ஸ்லைடோட போட்டோ.

"அண்ணே, அஞ்சு சென்ட். அடுத்த ஞாயிறு அம்பதாயிரம் டோக்கன் குடுக்கணும். மீதிக்கு லோன். இதப் பாருங்க, 99.7 சதவீதம்னு போட்டிருக்கு. ஏறாம இருக்குமா?"

"மக்கா, அது எதுக்க 99.7?"

அவனுக்குப் பதில் தெரியலை. கூட்டத்தில் இருந்த யாரும் கேட்கவும் இல்லையாம். அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

ஸ்லைடில் என்ன இருந்தது?

தலைப்பு: குமரி மாவட்ட மக்கள்தொகை வளர்ச்சி. கீழே படுக்கைக் கோட்டில் வருஷம், இடது பக்கம் மக்கள்தொகை, லட்சக் கணக்கில். நாலு புள்ளிகள். அந்த நாலையும் ஒட்டி ஒரு நேர்கோடு, அது 2031 வரை நீண்டு, "24 லட்சம்" என்று முடியுது. ஓரத்தில் சின்னதா ஒரு சமன்பாடும், R² = 0.997 என்றும் இருந்தது. விற்கிறவர் சொன்னது இதுதான்: "ஜனம் கூடிட்டே போகும், மாவட்டம் கூடாது. அப்ப நிலம் விலை?"

புள்ளிகள் பொய்யில்லை. நாலும் அரசின் சென்சஸ் கணக்குதான். 1961-ல் 9.97 லட்சம், 1971-ல் 12.23 லட்சம், 1981-ல் 14.23 லட்சம், 1991-ல் 16.00 லட்சம். கோடு போட்டதிலும் தப்பில்லை. எக்செல் யார் போட்டாலும் அதே கோடுதான் வரும். அதனாலதான் இந்த ஸ்லைடு எனக்கு முக்கியமா பட்டது. ஒரு எண்கூட பொய்யில்லாம ஒருத்தரை லோன் வரைக்கும் கொண்டு போயிருக்கு.

சாய்வு: யூனிட்டோட படிங்க

சமன்பாடு இப்படி இருந்தது:

```
y = 0.2009x - 383.87
```

இதைப் பார்த்ததும் பயந்து கண்ணைத் திருப்பிக்க வேண்டாம். y என்பது மக்கள்தொகை, x என்பது வருஷம். x-க்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு நிற்கிற எண்தான் சாய்வு, ஆங்கிலத்தில் ஸ்லோப். அது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுது: x ஒண்ணு கூடினால், கோட்டின்படி y எவ்வளவு கூடும்?

சாய்வை வெறும் எண்ணாகப் படிக்கக் கூடாது, வாக்கியமாகப் படிக்கணும். இங்கே x-ன் யூனிட் வருஷம், y-ன் யூனிட் லட்சம் பேர். அப்போ 0.2009 என்றால், "1961-லிருந்து 1991 வரை, வருஷத்துக்கு சராசரியா 0.2 லட்சம், அதாவது சுமார் 20,000 பேர் கூடியிருக்காங்க". இதுல "1961-லிருந்து 1991 வரை" என்ற துண்டும் வாக்கியத்தோட ஒரு பகுதிதான். அதை விட்டுட்டுச் சொன்னா வேற அர்த்தம் ஆயிடும்.

கண்ணுக்குத் தெரியுற செங்குத்தை நம்பாதீங்க. இடது பக்க அளவை பூஜ்யத்துக்குப் பதிலா 9 லட்சத்தில் ஆரம்பிச்சா, இதே கோடு மருந்துவாழ் மலை மாதிரி செங்குத்தா நிற்கும். 0-லிருந்து 100 லட்சம் வரை வச்சா, வயல் வரப்பு மாதிரி படுத்துக் கிடக்கும். ரெண்டிலும் சாய்வு அதே 0.2009தான்.

இன்னொண்ணு, சாய்வு ஒரு சராசரி. உள்ளே பிரிச்சுப் பார்த்தா, 1961–71ல் வருஷத்துக்கு சுமார் 22,600 பேர் கூடினாங்க. 1971–81ல் 20,000. 1981–91ல் 17,700. வேகம் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. கோடு மூணையும் சேர்த்து அரைச்சு 20,000 என்று ஒரே எண்ணாகக் கொடுத்துடுச்சு.

அந்த மைனஸ் 383.87 என்ன?

x பூஜ்யமானால் y என்ன என்பதுதான் அந்த எண். இன்டர்செப்ட் என்று சொல்லுவாங்க, தமிழ்ல வெட்டுத்துண்டு. இங்கே x பூஜ்யம் என்றால் வருஷம் 0. அந்த வருஷம் குமரியில் மைனஸ் 384 லட்சம் பேர் இருந்தாங்களாம்! அர்த்தமே இல்லாத எண். கோட்டைச் சரியான உயரத்தில் நிறுத்துறதுக்கு மட்டும்தான் அது தேவை.

ஆனா இந்த வேடிக்கைக்குள்ள ஒரு நல்ல பாடம் இருக்கு. ரொம்பப் பின்னால எல்லாம் போக வேண்டாம், 1911-க்குப் போவோம். கோட்டின்படி அப்போ இந்த மாவட்டத்தில் சுமார் 5,000 பேர்தான் இருந்திருக்கணும். உண்மையில், திருவிதாங்கூரோட இருந்த இந்தப் பகுதியில் 1911 சென்சஸ் எண்ணினது 4,22,260 பேர். புள்ளிகள் இருக்கிற இடத்துக்கு வெளியே கோட்டை நீட்டினா என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. பின்பக்கம் நீட்டினப்போ இப்படி உளறின கோடு, முன்பக்கம் 2031 வரை நீட்டினா மட்டும் ஏன் சரியாச் சொல்லணும்?

R²: எதோட ஒப்பிட்டு 99.7?

இப்போ நம்ம பையனை மயக்கின எண்ணுக்கு வருவோம். R² என்பதை ஆர் ஸ்கொயர் என்று படிங்க. பாடப் புத்தகத்தில் இதுக்கு கோஎஃபிஷியன்ட் ஆஃப் டிடர்மினேஷன் என்று பேர். பேரை மறந்தாலும் பரவாயில்லை, அது எப்படி வருதுன்னு ஒரு தடவை கையால போட்டுப் பார்த்தா மறக்காது.

உங்ககிட்ட கோடே இல்லைன்னு வைங்க. "1971-ல் எத்தனை பேர்?"னு கேட்டா என்ன சொல்லுவீங்க? நாலு எண்ணோட சராசரியைச் சொல்லுவீங்க: 13.11 லட்சம். எந்த வருஷம் கேட்டாலும் அதே பதில். அது எவ்வளவு தப்பாகுது, கோடு எவ்வளவு தப்பாகுதுன்னு பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எல்லாம் லட்சத்தில்.

| வருஷம் | உண்மை | சராசரியிலிருந்து விலகல் | கோடு சொல்வது | கோட்டிலிருந்து விலகல் |
|---|---|---|---|---|
| 1961 | 9.97 | −3.14 | 10.09 | −0.12 |
| 1971 | 12.23 | −0.88 | 12.10 | +0.13 |
| 1981 | 14.23 | +1.12 | 14.11 | +0.12 |
| 1991 | 16.00 | +2.89 | 16.12 | −0.12 |

விலகல்களை அப்படியே கூட்டினா பிளஸும் மைனஸும் அடிச்சுக்கிட்டு பூஜ்யம் ஆயிடும். அதனால ஒவ்வொண்ணையும் தன்னாலேயே பெருக்கி, அதாவது ஸ்கொயர் பண்ணி, கூட்டுறோம். சராசரிக்கு மொத்தம் 20.24 வருது. கோட்டுக்கு மொத்தம் 0.06தான்.

20.24 தப்பு இருந்த இடத்தில் இப்போ 0.06 மட்டும் மிச்சம். 0.06-ஐ 20.24-ஆல் வகுத்தா 0.003. ஒண்ணிலிருந்து அதைக் கழிச்சா 0.997. அவ்வளவுதான் R².

வாக்கியமாச் சொன்னா: "இந்த நாலு புள்ளிகளுக்குள், சராசரியை வச்சு ஊகிக்கும்போது வர்ற தப்பில் 99.7 சதவீதத்தைக் கோடு குறைச்சிருக்கு". இது ஏற்கெனவே நடந்து முடிஞ்ச நாலு புள்ளிகளைப் பற்றின பேச்சு. 2031-ல் 24 லட்சம் ஆகுறதுக்கு 99.7 சதவீத வாய்ப்புன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது. நிலம் விலையைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை.

புள்ளிகளோட எண்ணிக்கையையும் பாருங்க. ரெண்டே புள்ளி இருந்தா, எந்த ரெண்டு புள்ளி வழியாவும் ஒரு நேர்கோடு சரியாப் போகும், R² எப்பவும் 1தான். எதுவுமே தெரியாம நூத்துக்கு நூறு! நாலு புள்ளி அதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. அதோட வருஷா வருஷம் ஏறுற எதை வருஷத்துக்கு எதிரா வரைஞ்சாலும் R² பெரும்பாலும் பெருசாத்தான் வரும். மக்கள்தொகை, பஸ் கட்டணம், உங்க அப்பாவோட வயசு, எதுவானாலும்.

ஸ்லைடில் இல்லாத ரெண்டு புள்ளிகள்

பையன்கிட்ட கேட்டேன்: "1991-க்குப் பிறகு புள்ளி ஏன் இல்ல? சென்சஸ் எடுக்காமலா இருந்தாவ?"

எடுத்தாங்க. 2001-லும் 2011-லும் எடுத்தாங்க, இணையத்தில் யாரும் பார்க்கலாம். நாலு புள்ளிக் கோடு 2001-க்கு 18.13 லட்சம் என்று சொல்லுது. உண்மையில் வந்தது 16.76 லட்சம். சுமார் 1.37 லட்சம் பேர் குறைவு. 2011-க்குக் கோடு சொல்றது 20.14 லட்சம், எண்ணினது 18.70 லட்சம். அங்கே 1.44 லட்சம் குறைவு.

உள்ளே இருந்த புள்ளிகளில் கோட்டோட தப்பு 0.13 லட்சத்தைத் தாண்டலை. வெளியே வந்த முதல் புள்ளியிலேயே பத்து மடங்குக்கு மேல் போயிடுச்சு. R² 0.997 இருந்தும்!

இது 1991-லேயே தெரிஞ்சிருக்க வழி உண்டா? உண்டு. மேலே அட்டவணையோட கடைசி வரிசையைத் திரும்பப் பாருங்க. விலகல்கள் மைனஸ், பிளஸ், பிளஸ், மைனஸ். ரெண்டு ஓரமும் கோட்டுக்குக் கீழே, நடு ரெண்டும் மேலே. நேர்கோடு உண்மையிலேயே பொருந்தியிருந்தா மேலும் கீழும் கலந்து சிதறிக் கிடக்கணும். இப்படி வில் மாதிரி வளைஞ்சு நின்னா, "நான் நேர்கோடு இல்லை, வளைஞ்சுக்கிட்டு இருக்கேன்"னு தரவு சொல்லுதுன்னு அர்த்தம். நாலு புள்ளியை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா சந்தேகப்பட அது போதும். சாய்வைப் பிரிச்சுப் பார்த்தப்போ 22,600, 20,000, 17,700 என்று இறங்கினதும் இதே கதையைத்தான் சொல்லுச்சு.

காரணம் நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். நம்ம தாத்தா வீட்டில் ஏழு எட்டுப் பிள்ளைங்க, நம்ம வீட்டில் ஒண்ணு ரெண்டு. படிச்சவங்க சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிட்டாங்க. கோட்டுக்கு இதெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது வருஷம் மட்டும்தான்.

ஆறு புள்ளியையும் வச்சுக் கோடு போட்டா சாய்வு 0.1686 ஆகுது, வருஷத்துக்கு சுமார் 16,900 பேர். R² 0.983. அதாவது உண்மையை முழுசாக் காட்டின கோட்டுக்கு R² குறைவு, பாதியை மறைச்ச கோட்டுக்கு R² அதிகம். மார்க் அதிகமா இருக்குன்னு கோட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

2021-ல் நடக்க வேண்டிய சென்சஸ் நடக்கலை, அடுத்தது 2027-க்குத் தள்ளிப் போயிருக்கு. அதனால 2011-க்கு அப்புறம் மாவட்ட மக்கள்தொகைன்னு ஒரு புள்ளியை யாராவது ஸ்லைடில் காட்டினா, அது எண்ணினது இல்லை, மதிப்பீடு. யார் மதிப்பிட்டதுன்னு கேளுங்க.

நீங்களே போட்டுப் பாருங்க

கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் திறங்க. A2 முதல் A5 வரை வருஷம், B2 முதல் B5 வரை மக்கள்தொகையை லட்சத்தில் அடிங்க. பிறகு:

```
=SLOPE(B2:B5, A2:A5)
=INTERCEPT(B2:B5, A2:A5)
=RSQ(B2:B5, A2:A5)
=FORECAST(2001, B2:B5, A2:A5)
```

0.2009, −383.87, 0.997, 18.13 என்று வரணும். y பத்தி முதலில், x பத்தி ரெண்டாவதுன்னு ஞாபகம் வைங்க. மாத்திப் போட்டா RSQ மாறாது, ஆனா SLOPE வேற எண்ணாயிடும், நமக்குத் தப்பு நடந்ததே தெரியாது. பிறகு A6, A7-ல் 2001, 2011 சேர்த்து, வரம்பை B7, A7 வரை நீட்டுங்க. சாய்வு இறங்குறது கண்ணெதிரே தெரியும்.

யார் கோட்டையும் சோதிக்க இதே வழிதான். கடைசி ரெண்டு மூணு புள்ளிகளை மறைச்சு வச்சுட்டு, மீதியை வச்சுக் கோடு போடுங்க. மறைச்ச புள்ளிகளைக் கோடு எவ்வளவு நெருக்கமாச் சொல்லுதுன்னு பாருங்க. R²-ஐவிட நேர்மையான பரீட்சை அது.

மியூச்சுவல் ஃபண்டிலும் இதே கோடுதான்

நிலம் வாங்காதவங்களுக்கும் இது தேவைப்படும். ஃபண்ட் பற்றின விவரங்களில் பீட்டா, ஆர் ஸ்கொயர் என்று ரெண்டு எண் பார்த்திருப்பீங்க. அங்கே x என்பது குறியீட்டோட ரிட்டர்ன், உதாரணத்துக்கு நிஃப்டி. y என்பது ஃபண்டோட ரிட்டர்ன். பீட்டா என்பது அந்தக் கோட்டோட சாய்வுதான். பீட்டா 0.9 என்றால், குறியீடு 10 சதவீதம் அசையும்போது ஃபண்ட் சராசரியா 9 சதவீதம் அசைஞ்சிருக்கு, ஏறும்போதும் இறங்கும்போதும்.

ஆர் ஸ்கொயர் 0.95 என்றால், ஃபண்டோட ஏற்ற இறக்கத்தில் 95 சதவீதம் குறியீட்டோட ஏற்ற இறக்கத்தோட ஒட்டிப் போகுது. நல்ல லாபம் என்று அதுக்கு அர்த்தமில்லை. இண்டெக்ஸ் ஃபண்டுக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கிறதுதான் சரி. ஆனா மேனேஜர் தேர்ந்தெடுக்கிறார்னு அதிகக் கட்டணம் வாங்குற ஃபண்டிலும் அதே அளவுக்கு இருந்தா, "குறியீட்டைத்தானே வாங்கியிருக்கீங்க, கூடுதல் கட்டணம் எதுக்கு?"னு கேட்கத் தோணணும். மாறா ஆர் ஸ்கொயர் 0.40 மாதிரி குறைவா இருந்தா, பக்கத்தில் இருக்கிற பீட்டாவைப் பெருசா நம்பி முடிவெடுக்க வேண்டாம். புள்ளிகள் கோட்டை விட்டு விலகிச் சிதறிக் கிடக்கு.

பையன் என்ன செஞ்சான்?

அடுத்த நாள் விற்கிறவருக்குப் போன் போட்டு மூணு கேள்வி கேட்டான். ஸ்லைடில் 2001, 2011 ஏன் இல்லை? 1991-க்கு மேல் இருக்கிறது எண்ணின புள்ளியா, நீட்டின கோடா? நிலம் விலைக்கு இதே மாதிரி ஒரு படம் இருக்கா, அந்த வட்டாரத்தில் பதிவான கிரய விலையை வச்சு?

மூணாவது கேள்விக்கு, "நேர்ல வாங்க, பேசுவோம்"னு பதில் வந்துச்சு.

டோக்கன் குடுக்கலை. வேண்டாம்னும் முடிவு பண்ணலை. இப்போ அந்தச் சுத்துவட்டாரத்தில் சமீபத்தில் பதிவான கிரயங்களைத் தெரிஞ்சவங்க மூலமா விசாரிச்சு, வருஷமும் சென்ட் விலையும் ஒரு ஷீட்டில் அடிச்சுக்கிட்டு இருக்கான். இதுவரை அஞ்சு வரிதான் சேர்ந்திருக்கு. பத்திரத்தில் காட்டுற விலை கைமாறின விலையைவிடக் குறைவா இருக்கலாம் என்பதையும் பக்கத்துப் பத்தியில் குறிச்சு வச்சிருக்கான்.

போன ஞாயிறு வந்தப்போ ஷீட்டைக் காட்டினான். "அண்ணே, RSQ போட்டேன். 0.31 வருது. புள்ளியெல்லாம் அங்கங்க கெடக்கு."

"அதனால என்ன மக்கா? சென்ட் விலை அங்க வருஷத்த மட்டும் வச்சு இல்லன்னு தெரிஞ்சுபோச்சுல்லா. ரோட்டுல இருந்து எவ்வளவு தூரம்னு இன்னொரு பத்தி சேரு."